பதினொரு துண்டுகளில் ஒரு முகம்

வெள்ளைத் தாளில் ஒரு தலைப்பாகை, கறுப்புத் தாளில் ஒரு முறுக்கு மீசை. இவ்விரண்டையும் வெட்டி, உரிய இடைவெளி விட்டு ஒட்டினால் போதும். கண்ணும் மூக்கும் வரையாமலேயே பார்ப்பவர் ‘பாரதியார்’ என்பர். வட்டக் கண்ணாடி ஒன்றை வெட்டி வைத்தால் ‘காந்தியடிகள்’ என்பர். தாளை வெட்டி ஒட்டி உருவம் செய்யும் கலையில் இவை மிக எளியவை. ஆனால் இவை முகத்தின் சாயலால் விளங்கியவை அல்ல. அடையாளப் பொருள்களால் விளங்கியவை. அதே தலைப்பாகையையும் மீசையையும் அணிந்து மேடையேறும் எந்தச் சிறுவனையும் நாம் பாரதி என்றே அழைக்கிறோம் அல்லவா?

என் தாத்தாவுக்குத் தலைப்பாகை இல்லை; கண்ணாடி இல்லை. மெல்லிய மீசையும் வாரிய தலையுமாக, அவர் காலத்தில் திருநெல்வேலித் தெருக்களில் நடந்த எத்தனையோ பேரைப் போன்றவர். அவரை நான் பார்த்ததும் இல்லை. என் தந்தையார் பள்ளியில் படிக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். வீட்டில் எஞ்சியிருந்தது கடவுச்சீட்டு அளவிலான கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றே.

அந்தப் படத்தை ஆச்சி தம் சுருக்குப்பையில் வைத்திருந்தார். முதுமையில் அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி பழுதடைந்தது. அந்நோய் உள்ளவர்க்கு நேராகப் பார்க்கும் இடம் மங்கிவிடும். ஓரப்பார்வை மட்டும் ஓரளவு நிற்கும். பெரிய வடிவங்களும், ஒன்றுக்கொன்று மாறுபட்ட அழுத்தமான நிறங்களும் அவர்களுக்குத் தெரியும். நுண்ணிய கோடுகளும் மெல்ல மெல்ல மாறும் சாம்பல் நிறங்களும் தெரியா. என் தந்தையார் அப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொடுத்தார். ஆச்சி அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது என்றார். பெரிதாக்கிய படத்தில் முகமும் பின்புறமும் ஒன்றோடொன்று கலந்தே இருந்தன. அவர் கண்ணுக்கு எட்டும்படி அம்முகத்தைத் தட்டையான சில வடிவங்களாக மாற்ற இயலுமா என்று எண்ணிப் பார்த்தேன்.

அப்போது நாங்கள் மதுராவில் இருந்தோம். ஊர்ப் பெயரைச் சொன்னவுடன் உறவினர் பலரும் மதுரை என்றே கொள்வர். ‘இல்லை, வடமதுரை’ என்று திருத்துவது எங்கள் வீட்டில் அன்றாட வேலை. மதுராவிலும் பிருந்தாவனத்திலும் ‘சாஞ்சி’ என்னும் தாள்வெட்டுக் கலை வாழ்கிறது. தாளில் நுணுக்கமான துளைகளை வெட்டி, அதைத் தரையில் விரித்து, மேலே வண்ணப்பொடி தூவி எடுத்தால் கண்ணன் கதைக் காட்சிகள் கோலம்போலப் பதியும். அத்தொழில் செய்யும் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் பல மாலைகள் அமர்ந்து பார்த்திருக்கிறேன். அவருடைய கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே இருக்கும். இடக்கையில் பிடித்த தாள்தான் சுழலும். வளைவு உடையாமல் வருவதற்கு அதுவே காரணம்.

அவரிடமிருந்து பெற்ற இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பயன்பட்டது. சாஞ்சித் தாளில் எத்தனை துளைகள் வெட்டினாலும், மீந்திருக்கும் தாள் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் அந்தத் துண்டு கீழே விழுந்துவிடும். ஆதலால் அவர் ஓர் உருவத்தைப் பார்க்கும்போதே எது எதோடு சேர்கிறது என்றுதான் பார்ப்பார். முகத்தையும் இவ்வாறே பார்க்கத் தொடங்கினால் வியப்பான ஒன்று புலப்படும். பக்கவாட்டிலிருந்து ஒளி விழும் முகத்தில் புருவத்தின் நிழல் கண்குழியின் நிழலோடு சேர்கிறது. அது மூக்கின் பக்கத்து நிழலோடு சேர்கிறது. அது கன்னத்தின் நிழலாகி, தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்தின் நிழலில் கலக்கிறது. கண், மூக்கு, கன்னம் என்று நாம் பெயரிட்டுப் பிரித்தவை அங்கே ஒரே வடிவம்.

இவ்வடிவத்தின் ஓரக்கோட்டில்தான் சாயல் தங்குகிறது. காரணம் எளிது. பக்கவாட்டு முகத்தைக் கறுப்புத் தாளில் வெட்டும் பழக்கம் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியது. 1759-இல் பிரான்சின் நிதியமைச்சராக இருந்த சிலூவெத் என்பவரின் பெயராலேயே அந்த உருவங்கள் இன்றும் அழைக்கப்படுகின்றன. அவற்றில் உள்ளே ஒன்றும் இல்லை. நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று இறங்கும் ஓரக்கோடு ஒன்றே ஆளைக் காட்டிவிடும். நேர்முகமாக எடுத்த படத்தில் அக்கோடு நமக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழுமானால், மூக்கின் மேடும் கன்ன எலும்பும் தாடையும் தத்தம் அளவுக்கேற்ப நிழலை வளைக்கின்றன. அந்த வளைவு, பக்கவாட்டு முகத்தை எடுத்து நேர்முகத்தின் மேல் கிடத்தியதுபோன்றது. ஆகவே, உங்கள் வீட்டுப் படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், ஒருபுறம் வெளிச்சமும் மறுபுறம் நிழலும் விழுந்த படத்தையே எடுங்கள். கைபேசியின் மின்னொளி முகத்துக்கு நேரே பாய்ந்த படம் அழகாக இருக்கலாம். அதில் நிழல் இராது, வெட்டுவதற்கும் ஒன்றும் இராது.

தாத்தாவின் படத்தில் நற்பேறாக ஒளி இடப்புறத்திலிருந்து விழுந்திருந்தது. படத்தின் அகலம் 3.5 செ.மீ.; உயரம் 4.5 செ.மீ. ஆறு மடங்கு பெரிதாக்கினால் 21 செ.மீ. அகலமும் 27 செ.மீ. உயரமும் வரும். அது ஓர் ஏ4 தாளில் சரியாக அடங்குகிறது. ஜெராக்ஸ் கடையில் ஒரே முறையில் ஆறு மடங்காக்க இயந்திரம் இடம் கொடுக்கவில்லை. எனவே முதலில் இரு மடங்கு, பின்னர் அந்த நகலை மும்மடங்கு என்று இரண்டு முறையாக எடுத்தோம். இப்போது தலையுச்சி முதல் தாடை வரை 18 செ.மீ. இருந்தது.

அடுத்த படிதான் இவ்வேலையின் திறவுகோல். அந்தப் பெரிய நகலிலிருந்து மேலும் இரண்டு நகல்கள் எடுக்கச் சொன்னேன். ஒன்று மிக வெளுப்பாக, மற்றொன்று மிகக் கறுப்பாக. இயந்திரத்தைப் புகைப்பட முறையில் வைக்காமல் எழுத்து முறையில் வைத்தால், இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் பெரும்பாலும் மறைந்து, கறுப்பும் வெள்ளையுமாகவே பதியும். வெளுத்த நகலில் தலைமுடி, புருவம், கண், மூக்கின் அடி, மீசை, வாய் ஆகிய மிகக் கரிய பகுதிகள் மட்டும் எஞ்சின. கறுத்த நகலில் நான் முன்னர்க் கூறிய அந்த ஒரே நிழல் முழுவதுமாகத் தெரிந்தது. கடைக்காரர் இரண்டும் பாழாகிவிட்டன என்று கருதி வேறு எடுத்துத் தருவதாகக் கூறினார்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலும் இதே பிரிவினை தெரியும். முடியோடு கலந்துபோவதெல்லாம் ஓர் அடுக்கு, அதற்கடுத்து மங்குவது இரண்டாம் அடுக்கு, மற்றவை ஒளிப்பகுதி. ஒரு முகத்துக்கு இம்மூன்று நிறங்களே போதும் என்பது என் துணிபு. ஐந்தாறு பழுப்பு நிறங்களைக் கொண்டு நுணுக்கமாகச் செய்யப்பட்ட படங்களையும் பார்த்திருக்கிறேன். அருகில் அவை திறமையைக் காட்டுகின்றன. பத்தடி தள்ளி நின்றால் நிலப்படத்தில் உயரங்களைக் குறிக்கும் வளைகோடுகளாகத் தோன்றுகின்றன.

இரு நகல்களின் மீதும் ஒரே ட்ரேசிங் தாளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஓரங்களைப் படியெடுத்தேன். நான்கு மூலைகளிலும் சிறு கூட்டல் குறிகள் இட்டுக்கொண்டால் அடுக்குகள் விலகாமல் பொருந்தும். படியெடுக்கும்போது ‘இது கண்’, ‘இது உதடு’ என்று எண்ணத் தொடங்கினால் கை தானாகவே பாதாம் பருப்புப் போன்ற கண்ணையும் வில் போன்ற உதட்டையும் வரைந்துவிடும். அவை யாருடைய முகத்துக்கும் உரியவை அல்ல. இதைத் தவிர்க்க நகலைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்வது பழைய உத்தி. தலைகீழான முகத்தை நாம் முகமாகப் படிப்பதில்லை. கறையாகவும் மேடாகவும் பார்க்கிறோம். உள்ளது உள்ளபடி வரும்.

அந்தக் கோடுகளை வண்ணத்தாளுக்கு மாற்றக் கார்பன் தாள் நல்லது. ட்ரேசிங் தாளைக் கவிழ்த்துப் பென்சில் கரியைத் தேய்த்து மாற்றினால் முகம் இடம் வலமாக மாறிவிடும். மலருக்கோ மயிலுக்கோ அதனால் கேடில்லை. மனிதருக்கோ வகிடு மறுபக்கம் போய்விடும். உயர்ந்திருந்த புருவம் தாழ்ந்திருக்கும். அவரை அறிந்தவர் ஏன் என்று சொல்லத் தெரியாமலே ‘அவரைப் போல இருக்கிறது, ஆனால் அவர் இல்லை’ என்பார்.

மொத்தம் பதினொரு துண்டுகள் வந்தன. நீலத் தாளில் பின்புறம் ஒன்று. அதன்மேல் சந்தன நிறத்தில் தலை, காது, கழுத்து எல்லாம் சேர்ந்த முழு வடிவம். மூன்றாவது செம்பழுப்பு நிழல். என் கணக்கில் இந்த ஒரு துண்டுதான் தாத்தா. நான்காவது வெள்ளைச் சட்டை. பிறகு கறுப்பில் தலைமுடி, புருவத்தோடு இணைந்த இரு கண்கள், மூக்கின் அடிநிழல், மீசை, வாய் என ஆறு. கடைசியாகக் கீழுதட்டுக்கு அடியில் விழும் செம்பழுப்பு நிழல் ஒன்று. கண்ணின் வெண்மைக்கென்று தனித்தாள் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் பொம்மையின் கண்போல விழித்திருக்கும். சந்தன நிறத்தையே அங்கு விட்டுவிட்டால் பார்ப்பவர் கண் அதனை வெண்மையாக ஏற்றுக்கொள்கிறது.

பின்புறத்துக்கு நீலத்தைத் தேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. வெளிர்நிறத் தாளை வைத்திருந்தால் ஒளிபட்ட கன்னம் அதில் கரைந்திருக்கும். கறுப்பை வைத்திருந்தால் தலைமுடி கரைந்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அழுத்தமுள்ள நிறமே இரண்டையும் பிரித்துக் காட்டும். ஆச்சியின் கண்ணுக்கு இது மிகவும் வேண்டியிருந்தது.

அடியில் வரும் துண்டை, மேலே வரும் துண்டின் ஓரத்தைத் தாண்டி அரை சென்டிமீட்டர் உள்ளே செல்லும்படி வெட்ட வேண்டும். இரண்டையும் விளிம்போடு விளிம்பாக வைத்தால், கத்தி சிறிது விலகினாலும் நீலக் கீற்று ஒன்று முகத்தில் வடுப்போல எட்டிப் பார்க்கும். சட்டை, தோள் ஆகியவற்றில் 2 மி.மீ. பிசகினாலும் யாருக்கும் தெரியாது. வாயின் ஓரத்திலும் கண்ணின் உள்மூலையிலும் 1 மி.மீ. பிசகு ஆளையே மாற்றிவிடும். ஆதலின் பெரியவற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, முகத்தின் உள்ளே வருபவற்றைப் புது அலகு பூட்டிய தாள்வெட்டும் கத்தியால் செய்தேன். அலகு மழுங்கினால் தாள் வெட்டுப்படாமல் கிழியும். ஓரத்தில் வெண்ணிறப் பிசிறு தெரிந்தால் அலகை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கத்தியை எடுக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

ஒட்டுவதற்கு மைதாப் பசையை நான் விரும்புவதில்லை. அதன் ஈரத்தில் தாள் ஊதி, காய்ந்தபின் சுருங்குகிறது. தட்டையான கன்னத்தில் சுருக்கம் விழுந்தால் அங்கே நாம் எண்ணாத நிழல் உண்டாகும். குச்சிப் பசையை ஓரங்களில் மெல்லத் தடவி, மேலே ஒரு தாளை வைத்துக் கனமான புத்தகங்களின் கீழ் ஓரிரவு விடுவதே போதும்.

ஒட்டுவதற்கு முன் துண்டுகளை வெறுமனே அடுக்கிப் பார்த்தேன். கண்களின் இடம் சரியா என்று அறிய ஒரு தாள்கீற்று போதும். தலையுச்சியிலிருந்து தாடை வரையுள்ள நீளத்தைக் கீற்றில் குறித்து இரண்டாக மடித்தேன். 9 செ.மீ.-இல் மடிப்பு விழுந்தது. கண்களும் அங்கேயே இருந்தன. சிறுவர் பலர் செய்யும் படங்களில் கண்கள் நெற்றியில் ஏறியிருக்கும். முகம் என்றால் கண்ணும் வாயும்தான் என்று மனம் நினைப்பதால் நெற்றிக்கும் முடிக்கும் உரிய இடத்தை அது கொடுப்பதில்லை. பிறகு படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். அறையின் மறுகோடியில் நின்றும் பார்த்தேன். என் தந்தையார் அலுவலகத்திலிருந்து வந்தவர், காலணியைக் கழற்றியபடியே, “அப்பா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எனினும் வாய்த்துண்டை நான் ஒட்டவில்லை. ஒரு புள்ளி பசையால் நிறுத்தி மட்டும் வைத்தேன். மூக்கும் தாடையும் எலும்பினால் ஆனவை. படம் எடுத்த நாளிலும் மறுநாளிலும் ஒன்றாகவே இருந்திருக்கும். வாய் அப்படியன்று. படம் பிடிப்பவர் ‘அசையாதீர்கள்’ என்று சொன்ன அந்த நொடியில் அது எப்படியிருந்ததோ அப்படியே பதிந்திருக்கும். நமக்குக் கிடைத்த படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு நொடியை மட்டுமே அறியும். அவரோடு வாழ்ந்தவர்க்கோ ஆயிரம் நாள் முகம் தெரியும். எனவே வாய்க்கு மூன்று துண்டுகள் வெட்டி ஓர் உறையில் இட்டேன். ஒன்று படத்தில் இருந்தபடி நேரான கோடு. இரண்டாவதில் ஓரங்கள் 2 மி.மீ. உயர்ந்தவை. மூன்றாவதில் நிழல் விழுந்த பக்கத்து ஓரம் மட்டும் 3 மி.மீ. உயர்ந்தது.

கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் சென்றபோது அவற்றையும் எடுத்துச் சென்றேன். ஆச்சி படத்தை வாசல் வெளிச்சத்தில், முழங்கை மடியும் தூரத்தில் பிடித்துக்கொண்டார். நேராகப் பார்த்தால் மங்கும் என்பதால் முகத்தைச் சற்றே இடப்புறம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தார். நெடுநேரம் ஆயிற்று. காதின் வடிவத்தையும் வகிட்டையும் விரலால் தொட்டார். பிறகு, “அவுகதான்” என்றார். இன்னும் சிறிது பார்த்துவிட்டு, “வாயை மட்டும் ஏன் இப்படி இறுக்கி வச்சிருக்காக? அவுக இப்படி இருக்க மாட்டாகளே, புள்ள” என்றார்.

நான் உறையைத் திறந்து இரண்டாவது துண்டை வைத்துக் காட்டினேன். ஆச்சி தலையை அசைத்தார். அது யாரோ கடைக்காரர் சிரிப்பதுபோல் இருக்கிறதாம். மூன்றாவதை வைத்தேன். அதைத் தம் விரல் நுனியால் ஒரு மயிரிழை கீழே தள்ளினார். சரியாகச் சொன்னால் மேலுதட்டுக்கும் மீசைக்கும் இடையே சிறிது இடம் விட்டார். பக்கத்து வீட்டுச் சித்தியிடம் பேசிக்கொண்டே கணக்கு எழுதும்போது அவர் வாய் அப்படித்தான் ஒரு பக்கம் கோணுமாம். இச்செய்தி எந்தப் புகைப்படத்திலும் இல்லை. என் தந்தையாருக்கும் தெரியாது.

அவர் விரல் நிறுத்திய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கேயே பசை தடவி ஒட்டினேன். கீழுதட்டின் நிழலைப் புது வாய்க்கு ஏற்ப ஓர் ஓரத்தில் சீவ வேண்டியிருந்தது. சாயத்தாள்கள் வெயிலில் வெளுக்கும் என்பதால், வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாமல் பக்கச்சுவரில், ஆச்சி கட்டிலில் இடப்புறம் திரும்பிப் படுத்தால் பார்வை விழும் உயரத்தில், அப்பா ஆணி அடித்தார்.